பெரியம்மாவும் இரண்டரை மில்லியும்

என் பெரியம்மாவுக்குச் சாயப்பட்டறையில் ‘கலர் அக்கா’ என்று பெயர். அறுபது வயது முதலாளி முதல் நேற்றுச் சேர்ந்த பையன் வரை எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். ஆனால் அவளைப் பார்த்தால் ஒரு கலரும் இருக்காது. சாம்பல் நிறப் புடவை, சாம்பல் நிற மேலங்கி, பாதிக்கு மேல் வெளுத்த தலை. “நாள் முழுக்கக் கலரைப் பார்த்துட்டு வீட்லயும் கலர் கட்டினா கண்ணு கோவிச்சுக்கும்” என்பாள்.

பதினெட்டு வயதில் நூல் அலசும் தொட்டியில் வேலைக்குச் சேர்ந்தவள். கை ஊறி ஊறி நகம் மிருதுவாகிவிட்டபோது, மாதிரி பார்க்கும் சின்ன லேபுக்கு ஒரு ஆள் தேவை என்று கேள்விப்பட்டுத் தானே போய் நின்றாள். “பத்தாவது கூட முடிக்கலையே” என்றார்களாம். மேஜை மேல் கிடந்த பழுப்புத் துணித் துண்டுகள் ஆறையும் வெளுப்பிலிருந்து அழுத்தம் வரை வரிசையாக அடுக்கிக் காட்டினாள். அதில் இரண்டு, அங்கே இருந்தவர்கள் ஒரே கலர் என்று நினைத்திருந்த துண்டுகள். மறுநாளே வேலை. அது நடந்து இருபத்தேழு வருஷம் ஆகிறது.

அவள் வேலையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீரில் பத்து கிராம் சாயப்பொடி கரைத்தால் அது ஒரு சதவீதக் கரைசல். அதை ‘ஸ்டாக்’ என்பார்கள். ஒவ்வொரு சாயத்துக்கும் ஒரு ஸ்டாக் பாட்டில். ரெசிப்பிச் சீட்டில் சிவப்பு பத்து மில்லி, மஞ்சள் நாலு மில்லி என்று இருக்கும். கண்ணாடிக் குழாயில் உறிஞ்சி அளந்து, ஐந்து கிராம் துணித்துண்டோடு சின்னக் குப்பியில் விட்டுக் காய்ச்சிப் பார்ப்பார்கள். அந்த லேபில் எல்லா ஸ்டாக்கும் ஒரே ஒரு சதவீதம்தான். எல்லாவற்றையும் பெரியம்மாதான் கரைப்பாள். ஆகவே சீட்டில் மில்லி மட்டும் இருந்தால் போதும். எவ்வளவு பலமான கரைசல் என்று அவள் யாரையும் கேட்க வேண்டியதில்லை. இருபத்தேழு வருஷமாகக் கேட்டதும் இல்லை.

எங்கள் அம்மாவோடு சேர்த்து அக்கா தங்கைகள் மூன்று பேர். பெரியம்மா மூத்தவள், என் அம்மா நடுவில், சித்தி கடைசி. பெரியம்மா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. யாராவது காரணம் கேட்டால், “மாப்பிள்ளை ஷேடு மேட்ச் ஆகலை” என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பாள். சித்தப்பாவுக்குக் கப்பலில் வேலை, வருஷத்துக்கு இரண்டு முறை வருவார். சித்திக்கு ஒரே பெண், மூன்று வயது. உருண்டையாக இருப்பாள் என்பதால் எல்லோருக்கும் அவள் பட்டாணி.

பட்டாணிக்கு இரண்டு வயதிலிருந்து காரணம் தெரியாத காய்ச்சல் வந்துகொண்டே இருந்தது. மூன்றாவது முறை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோதுதான் ஸ்கேன் எடுத்துப் பார்த்துச் சொன்னார்கள். சிறுநீர்ப்பையிலிருந்து வெளியே போக வேண்டியதில் கொஞ்சம் மேலே சிறுநீரகத்துக்கே திரும்பிப் போகிறது. கிருமி அதோடு மேலே ஏறினால் காய்ச்சல் வரும். ஒவ்வொரு காய்ச்சலும் சிறுநீரகத்தில் ஒரு தழும்பை விட்டுப் போகலாம். இடது பக்கத்தில் ஒரு தழும்பு ஏற்கெனவே விழுந்துவிட்டது. வளர வளரத் தானே சரியாக வாய்ப்பு உண்டு. அதுவரை தினமும் ராத்திரி தூங்கப் போகும்போது குறைந்த அளவில் ஆன்டிபயாடிக். ராத்திரி முழுக்க சிறுநீர் பையிலேயே தங்குமே, அந்த நேரத்துக்குக் காவல்.

“என் பொண்ணுக்கு ரிவர்ஸ் கியர் விழுந்திருக்குக்கா” என்றாள் சித்தி. அவள் அப்போது கனரக வண்டி லைசென்சுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். சிரித்துக்கொண்டே சொன்னாள், சொல்லி முடித்ததும் அழுதாள்.

பஸ் ஓட்டும் வேலைக்கு அவள் தேர்வானாள். ஆனால் வெளியூரில் தங்கி இருபத்து நாலு நாள் பயிற்சி எடுக்க வேண்டும். ஒரு நாள் விடுபட்டாலும் அடுத்த வருஷம்தான். போன்களைக் காலையில் வாங்கி வைத்துக்கொண்டு ராத்திரி எட்டு மணிக்குத்தான் தருவார்கள். சித்தி போகமாட்டேன் என்றாள்.

“ஏன் போகமாட்ட?” என்று பெரியம்மா கேட்டாள்.

“மருந்துக்கா.”

“மருந்தை நீ கண்டுபிடிச்சியா? ஊத்திக் குடுக்கறதுதானே. நான் அரை மில்லி தப்பினா ஆயிரம் மீட்டர் துணி திரும்பி வரும், தெரியுமா? போ. போய்ப் பஸ் ஓட்டக் கத்துக்கோ. என்னை மட்டும் ஏத்தாத.”

சித்தி போனில் அனுப்புகிறேன் என்றாள். பெரியம்மா காகிதம்தான் வேண்டும் என்றாள். கிளம்புவதற்கு முந்தின நாள் உட்கார்ந்து சித்தி எழுதிய கடிதம், பெரியம்மா வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒரு மாதம் ஒட்டியிருந்தது. ஓரத்தில் எழுதியிருந்த மருந்தின் பெயரையும் கீழே இருந்த நம்பரையும் மட்டும் விட்டுவிட்டு அதை அப்படியே தருகிறேன்.

“அக்காவுக்கு,

தினமும் ராத்திரி எட்டரை மணி. முதலில் பட்டாணியைப் பாத்ரூமுக்குக் கூட்டிப்போ. முழுசாகப் போகவேண்டும். அவசரத்தில் பாதியில் எழுந்துவிடுவாள், பத்து எண்ணச் சொல்லி மறுபடி உட்கார வை. மருந்து அதற்கப்புறம்.

மருந்து ஃபிரிட்ஜில் உள் தட்டில் இருக்கும். கதவில் வைக்காதே, திறந்து திறந்து மூடுவதில் சூடாகும். உறையவும் கூடாது. மூடியை இறுக்கிக் குலுக்கு, அடியில் வண்டல் தங்கும். நுரை அடங்கட்டும்.

கரண்டி வேண்டாம், மூடியும் வேண்டாம். சிரிஞ்சில் எடு. ஊசி இல்லாத வாய்ச் சிரிஞ்ச், சிவப்பு டப்பாவில் இருக்கிறது. காற்றுக் குமிழ் இருந்தால் திருப்பித் தள்ளிவிட்டு மறுபடி இழு. கறுப்பு ரப்பரின் மேல் விளிம்பு கோட்டில் நிற்க வேண்டும்.

அளவு: 2.5 மில்லி. தினமும் ஒரே ஒரு முறை.

உட்கார வைத்துக் கொடு, படுக்க வைத்து அல்ல. கன்னத்தின் உள்பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விடு. தொண்டைக்கு நேராகப் பீச்சாதே. வாந்தி எடுத்தால் நீயே மறுபடி கொடுக்காதே, டாக்டரம்மாவைக் கேள். நம்பர் கீழே.

இந்த பாட்டிலை இன்று காலை கரைத்தேன். பதினாலு நாளுக்கு மேல் மிச்சம் இருந்தாலும் கீழே கொட்டிவிடு. புது பாட்டில் வாங்க மருந்துச் சீட்டு சிவப்பு டப்பாவில் இருக்கிறது. புது பாட்டிலில் பொடி இருக்கும். காய்ச்சி ஆறவைத்த தண்ணீரைக் குறி வரை ஊற்றிக் குலுக்கு, மட்டம் இறங்கும், மறுபடி குறி வரை ஊற்று.

காய்ச்சல் நூறைத் தாண்டினாலோ, போகும்போது அழுதாலோ, காத்திருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

மறந்துவிட்டால் என்ன செய்வது என்று எழுதவில்லை. நீ மறக்கமாட்டாய்.”

பெரியம்மா மறக்கவில்லை. வேலைக்குப் போகும்போது பட்டறைத் தெருவிலேயே இருந்த குழந்தைகள் காப்பகத்தில் பட்டாணியை விட்டாள். மேஸ்திரியிடம் போய், இந்த ஒரு மாதம் பகல் ஷிப்ட் தவிர வேறு பார்க்க மாட்டேன் என்றாள். “கலர் அக்காவுக்குத் திடீர்னு குழந்தை பிறந்திருக்கு” என்று கிண்டல் செய்தார்கள். “ஆமா, மூணு வயசிலயே பிறந்திருக்கு, பல்லெல்லாம் முளைச்சு” என்றாள் அவள்.

பதினாலு ராத்திரிகள் கடிதத்தில் இருந்தபடியே போயின. பட்டாணி முதல் இரண்டு நாள் மருந்தைத் துப்பப் பார்த்தாள். மூன்றாம் நாள் பெரியம்மா சிரிஞ்சை விளக்குப் பக்கம் தூக்கிப் பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்ப்பதை அவளும் பழகிக்கொண்டாள். ஒற்றைக் கண்ணை மூடத் தெரியாமல் இரண்டையும் இறுக்கி மூடிக்கொண்டு, “சரியா இருக்கு பெரியம்மா” என்று சான்றிதழ் கொடுப்பாள். எட்டு மணிக்குச் சித்தி போன் செய்வாள். எட்டரைக்கு மருந்து.

பதினைந்தாம் நாள் சாயங்காலம் பெரியம்மா புது பாட்டில் வாங்கப் போனாள். வழக்கமான கடை பூட்டியிருந்தது. இரண்டு தெரு தள்ளி இன்னொரு கடை இருந்தது. அவள் கையில் சிவப்பு டப்பாவில் இருந்த மருந்துச் சீட்டு இல்லை. ஃபிரிட்ஜிலிருந்து பிரித்தெடுத்த சித்தியின் கடிதம்தான் இருந்தது. அவளுக்கு அதுதான் ரெசிப்பி. மருந்தின் பெயர் கடிதத்தின் ஓரத்தில் இருந்தது, அளவு இருந்தது. அவளுக்கு வேறென்ன வேண்டும்? கடைக்காரர் பெயரைப் பார்த்தார், ஒரு டப்பாவை எடுத்துக் கொடுத்தார். அவள் குறி வரை தண்ணீர் ஊற்றி, குலுக்கி, மட்டம் இறங்கியதும் மறுபடி குறி வரை ஊற்றினாள். லேபில் குடுவையில் கரைப்பது போலவே. அன்று ராத்திரி இரண்டரை மில்லி.

பழைய பாட்டிலில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக மிச்சம் இருந்தது. அதை அவள் கொட்டவில்லை. லேபில் பழைய கரைசலைக் கொட்டுவதற்கு முன் புதியதோடு பக்கத்தில் வைத்துப் பார்ப்பது வழக்கம். ‘கொடுக்கக்கூடாது’ என்று ஒரு ஒட்டுக் காகிதம் எழுதி ஒட்டி, தட்டின் கடைசிக்குத் தள்ளி வைத்தாள்.

முதல் ராத்திரியே சிரிஞ்சில் ஏறியது கொஞ்சம் வெளுப்பாக இருப்பதாக அவளுக்குத் தோன்றியதாம். ஆனால் ராத்திரி பல்ப் வெளிச்சத்தில் பார்த்த கலரை அவள் நம்புவதில்லை. அதை நம்பித்தான் ஒரு காலத்தில் கம்பெனிக்கு நஷ்டம் வந்தது என்று எங்களுக்கே பலமுறை சொல்லியிருக்கிறாள். “பல்ப்ல எல்லாமே பொய் பேசும்.” அதனால் தன் கண்ணையே நம்பாமல் இரண்டாம் ராத்திரியும் மூன்றாம் ராத்திரியும் கொடுத்தாள்.

பதினெட்டாம் நாள் அவளுக்கு வார விடுமுறை. காலையில் சமையலறை ஜன்னலில் நல்ல வெளிச்சம் இருந்தது. பழைய பாட்டிலைக் கொட்டலாம் என்று எடுத்தாள். இரண்டையும் குலுக்கி, இரண்டு கண்ணாடி டம்ளரில் கொஞ்சம் கொஞ்சம் ஊற்றி ஜன்னல் விளிம்பில் வைத்தாள். வேறு யாருக்கும் இரண்டும் ஒரே இளஞ்சிவப்புதான். அவள் கண்ணுக்குப் புதியது நன்றாகக் குறைவு.

கலரை வைத்து மருந்தை முடிவு செய்யக்கூடாது என்று அவளுக்குத் தெரியும். ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு கலர் போடும். ஆனால் சந்தேகம் வந்துவிட்டால் லேபிளைப் படிக்க வேண்டும், அதுவும் தெரியும். மூக்குக் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு படித்தாள். பழைய பாட்டிலில்: ஐந்து மில்லியில் 250 மில்லிகிராம். புதியதில்: ஐந்து மில்லியில் 125.

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். இரண்டும் ஒரே ஸ்டாக் இல்லை. பட்டாணிக்கு ராத்திரிக்கு 125 மில்லிகிராம் போக வேண்டும். மூன்று ராத்திரியும் அறுபத்திரண்டரைதான் போயிருக்கிறது. பாதி. காவலுக்கு நிற்பவன் பாதி ராத்திரி எழுந்து வீட்டுக்குப் போன மாதிரி.

“பெரியம்மா ஏன் கீழ உக்காந்துட்ட?” என்று பட்டாணி கேட்டாள்.

“கால் வலிக்குதுடி தங்கம். நீ இங்க வா.” நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். கழுத்தைத் தொட்டாள். தெர்மாமீட்டர் வைத்தாள். காய்ச்சல் இல்லை.

அடுத்து அவள் செய்யப் போனதுதான் பெரிய ஆபத்து. அதை அவளே எங்களிடம் மறைக்காமல் சொன்னாள். துணியில் ஷேடு குறைந்தால் பட்டறையில் என்ன செய்வார்கள்? எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு சாயத்தை மேலே ஏற்றுவார்கள். துணி வாங்கிக்கொள்ளும். அவள் கை தானாகக் காகிதத்தில் கணக்குப் போட்டது. ஒரு ராத்திரிக்கு இரண்டரை மில்லி குறை. மூன்று ராத்திரிக்கு ஏழரை. இன்றைக்கு உள்ளது இந்தப் பாட்டிலில் ஐந்து. மொத்தம் பன்னிரண்டரை. சிரிஞ்சைக் கழுவி எடுத்தும்விட்டாள். இப்போதே கொடுத்துவிட்டால் ராத்திரிக்குள் சமமாகிவிடும், சித்திக்குச் சொல்லவே வேண்டியதில்லை.

அந்தக் கடைசி எண்ணம்தான் அவளை நிறுத்தியது. “சொல்ல வேணாம்னு தோணுச்சு பாரு, அப்பவே தெரிஞ்சுது, தப்பு பண்ணப் போறேன்னு.”

சிரிஞ்சை வைத்துவிட்டுக் கடிதத்தில் இருந்த நம்பருக்குப் போன் செய்தாள். டாக்டரம்மா பத்து மணிக்கு வரச் சொன்னாராம். இரண்டு பாட்டில், கடிதம், மருந்துச் சீட்டு, கணக்குப் போட்ட காகிதம் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு, பட்டாணியை இடுப்பில் வைத்துக்கொண்டு கிளம்பினாள். சீட்டை அப்போதுதான் பிரித்துப் பார்த்தாள். ‘250 / 5’ என்று தெளிவாக எழுதியிருந்தது.

டாக்டரம்மாவின் மேஜையில் பாட்டில்களை வரிசையாக வைத்து, பெரியம்மா நடந்ததைச் சொன்னாள். ஒன்றையும் சுருக்கவில்லை, பழியை அந்தக் கடைக்காரர் தலையில் போடவும் இல்லை. “அவர் பவர் கேட்டிருக்கணும். நான் சீட்டை எடுத்துட்டுப் போயிருக்கணும். என் பங்கைத்தான் நான் சொல்ல முடியும்.”

டாக்டரம்மா கணக்குக் காகிதத்தைப் பார்த்தார். “இந்தப் பன்னிரண்டரை என்ன?”

“குறைஞ்சதை ஏத்திடலாம்னு...”

“குடுத்துட்டீங்களா?”

“இல்லைங்க டாக்டரம்மா. கேட்டுட்டுக் குடுக்கலாம்னு வந்தேன்.”

“நல்லவேளை. விட்டுப்போனதைச் சேர்த்துக் குடுக்கறது கிடையாது. நேத்து ராத்திரிக்கு இன்னிக்குக் காவல் நிக்க முடியாது இல்லையா? துணி வேற, உடம்பு வேறம்மா. இன்னிக்கு ராத்திரி சரியான அளவு, அவ்வளவுதான். இப்ப யூரின் டெஸ்ட் பண்ணிப் பாத்துருவோம்.”

டெஸ்ட் என்று சொல்வது சுலபம். பட்டாணி அன்றைக்குப் போகமாட்டேன் என்று முடிவு செய்துவிட்டாள். பெரியம்மா தண்ணீர் கொடுத்தாள், குழாயைத் திறந்துவிட்டாள், கெஞ்சினாள். ஒரு மணி நேரம் ஆஸ்பத்திரிக் கழிவறை வாசலில் சின்னக் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்தாள்.

“தினமும் வேணாம்னாலும் போவ, இன்னிக்கு மட்டும் கஞ்சத்தனம் பண்றியே” என்றாள்.

“கிண்ணம் பாக்குது” என்றாள் பட்டாணி.

“அதுக்குக் கண்ணு இல்லடி.”

“உனக்கு இருக்கு.”

பெரியம்மா திரும்பிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். அதற்கப்புறம்தான் கிடைத்தது. நர்ஸ் ஒரு காகிதப் பட்டையை அதில் நனைத்து, பட்டையில் சதுரம் சதுரமாக மாறும் கலரை டப்பாவில் அச்சடித்திருந்த கலரோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். பெரியம்மா எட்டி நின்று பார்த்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு ஷேடு மாறவே கூடாது என்று வேண்டிக்கொண்டிருந்தேன் என்றாள். மாறவில்லை. கிருமிக்கான அறிகுறி எதுவும் இல்லை. இருந்தாலும் கிருமி வளர்கிறதா என்று பார்க்க மீதியைக் கல்சருக்கு அனுப்பினார்கள், முடிவு தெரிய இரண்டு நாள் ஆகும். காய்ச்சலைக் காலையும் மாலையும் பார்க்கச் சொன்னார் டாக்டரம்மா. இந்தப் புது பாட்டிலிலேயே ஐந்து மில்லி கொடுக்கலாம், அல்லது 250 பாட்டில் வாங்கி இரண்டரை கொடுக்கலாம், இரண்டும் ஒன்றுதான் என்றார்.

பெரியம்மா வழக்கமான கடைக்குச் சீட்டோடு போய் 250 வாங்கினாள். வீட்டில் ஒரே மாதிரி இரண்டு பாட்டில் இருப்பதே ஆபத்து என்று மற்ற இரண்டையும் கடையிலேயே கொடுத்து அழிக்கச் சொன்னாள்.

எட்டு மணிக்குப் போன் அடித்தது. சித்தி அன்று முதல்முறையாக மலைப்பாதையில் பஸ் ஓட்டியிருந்தாள். குரலில் அவ்வளவு சந்தோஷம். “அக்கா! பதினோரு வளைவு! ஒரு இடத்துலகூட...”

“நில்லு. முதல்ல நான் சொல்றதைக் கேளு. குழந்தை நல்லா இருக்கா, பக்கத்துல விளையாடுறா. காய்ச்சல் இல்ல. இப்ப சொல்றேன், குறுக்க பேசாத.” மூன்று ராத்திரி, பாதி மருந்து, ஏன், எப்படி, டாக்டரம்மா என்ன சொன்னார், கல்சர் இன்னும் வரவில்லை. எல்லாவற்றையும் சொன்னாள். பன்னிரண்டரை மில்லி கொடுக்கப் போனதையும் சொன்னாள்.



“நான் உன்னை நம்பித்தானே விட்டேன்” என்றாள் சித்தி.

“ஆமா.”

“அரை மில்லி தப்பாதுன்னு சொன்னியே.”

“மில்லி தப்பலடி. அதுக்குள்ள இருந்தது தப்பிப்போச்சு. தப்பு என்னுதுதான். ஞாயித்துக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்கித் திட்டு, கேட்டுக்கறேன். இப்ப என்ன பண்ணப் போற, அதைச் சொல்லு.”

“காலைல முதல் பஸ்ஸுக்கு வந்துடறேன்.”

“வா. நீ அம்மா, உன்னை நான் தடுக்க முடியாது. ஆனா நீ வந்தா என்ன பண்ணுவ? இதே சீட்டு, இதே சிரிஞ்ச், இதே இரண்டரை. நான் பண்றதைத்தான் நீயும் பண்ணப் போற. ஒரு வேலை பண்ணு. இனிமே எட்டு மணிக்கு நான் உனக்குப் பாட்டிலைப் படிச்சுக் காட்டறேன். சிரிஞ்சைப் போட்டோ எடுத்து அனுப்பறேன். நீ சரின்னு சொன்ன அப்புறம்தான் அவ வாயில போகும். கல்சர்ல ஏதாவது இருந்தா அடுத்த நிமிஷம் நானே உங்க டிரெய்னிங் சாருக்குப் போன் போட்டு உன்னைக் கிளப்பறேன். அதுக்கு அப்புறமும் மனசு கேக்கலன்னா வா.”

 சித்திக்குப் பின்னால் ஹாஸ்டல் பெண்கள் தட்டு கழுவும் சத்தம் கேட்டதாம்.

“பேரைப் படி” என்றாள் சித்தி.

பெரியம்மா பெயரைப் படித்தாள்.

“பவர்?”

“அஞ்சு மில்லியில இருநூத்தம்பது.”

“கரைச்ச தேதி?”

“இன்னிக்கு.”

“பாத்ரூம் போயிட்டாளா?”

“இன்னிக்குப் போதும் போதும்ங்கற அளவுக்குப் போயிட்டா.”

சித்தி சிரித்தாளா இல்லையா என்று பெரியம்மாவுக்குத் தெரியவில்லை. சிரிஞ்சின் படம் போனது. ஒரு நிமிஷம் கழித்து, “சரி, குடு” என்று வந்தது. அதற்குக் கீழே இன்னொரு வரி: “நாளைக்கு நைட் டிரைவிங் இருக்கு. எட்டுக்குப் போன் வரலைன்னா எட்டே காலுக்கு வரும். அதுவரை வெயிட் பண்ணு.”

இரண்டு நாள் கழித்துக் கல்சர் முடிவு வந்தது. கிருமி வளரவில்லை. மீதி ராத்திரிகளும் அப்படியே ஓடின, ஒவ்வொன்றும் ஒரு “சரி, குடு” வந்த பிறகு. சித்தி லைசென்சோடு வந்து இறங்கியதும் பட்டாணியைத் தூக்கிக்கொண்டு, ஒரு வாய் தண்ணீர் குடித்தாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, “ம், இப்ப திட்டறேன்” என்று ஆரம்பித்தாள். பெரியம்மா எதிரில் உட்கார்ந்து முழுசாகக் கேட்டாள்.

முடித்துவிட்டு, அடுத்த மாதத்து ஷிப்ட் அட்டவணையைப் பையிலிருந்து எடுத்து மேஜையில் விரித்தாள் சித்தி. அதில் வாரத்துக்கு மூன்று ராத்திரி அவளுக்கு டியூட்டி. மூன்றையும் விரலால் தொட்டுக் காட்டினாள்.

“இதெல்லாம் உன்னுது” என்றாள்.